ஆஃபர் வருவதற்கு முன்பே பே ஸ்லிப் கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: ஒரு ஏஜென்சி ரெக்ரூட்டர் என்னை ஒரு வேலைக்காகக் கூப்பிட்டார். முதல் இன்டர்வியூ கூட இன்னும் நடக்கவில்லை, அதற்குள் கடைசி மூன்று மாத பே ஸ்லிப் அனுப்பினால்தான் புரொஃபைலை மேலே அனுப்ப முடியும் என்கிறார். அனுப்ப எனக்கு விருப்பமில்லை, ஆனால் வேலை பிடித்திருக்கிறது, முரண்டு பிடிக்கிற ஆள் என்ற பெயரும் வேண்டாம். எப்படிச் சொல்வது?

பதில்:

அனுப்ப வேண்டாம். ஆனால் "மாட்டேன்" என்று சொல்லவும் வேண்டாம், "அதற்கான நேரம் வரும்போது தருகிறேன், இப்போது உங்களுக்குத் தேவையான தகவல் இது" என்று சொல்லுங்கள். பே ஸ்லிப்பை மறுப்பதற்கும் அதைத் தள்ளி வைப்பதற்கும் ரெக்ரூட்டர் காதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைக் கேட்டால் உங்களிடம் ஏதோ மறைக்க இருக்கிறது என்று நினைப்பார், இரண்டாவதைக் கேட்டால் விவரம் தெரிந்த ஆள் என்று நினைப்பார்.

இதைச் சரியாகச் செய்ய, அவர் ஏன் கேட்கிறார் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு உண்மையில் வேண்டியது பெரும்பாலும் அந்தக் காகிதம் இல்லை. ஒன்று, நீங்கள் அந்த நிறுவனத்தின் பட்ஜெட்டுக்குள் வருவீர்களா என்று தெரிய வேண்டும், ஏனென்றால் நாலு ரவுண்டு இன்டர்வியூ முடிந்து சம்பளத்தில் போய் முட்டிக்கொண்டால் அவருடைய உழைப்பு வீண். இரண்டு, நீங்கள் சொல்லும் எண் உண்மைதானா என்று தெரிய வேண்டும், பொய் சொல்லிப் பிறகு மாட்டிக்கொண்டவர்களால் நிறுவனத்திடம் அவர் திட்டு வாங்கியிருப்பார். மூன்று, நீங்கள் நிஜமாகவே வேலை மாறும் எண்ணத்தில் இருக்கிறீர்களா, அல்லது சும்மா விலை விசாரிக்கிறீர்களா என்று பார்க்கிறார். இந்த மூன்றுக்கும் பே ஸ்லிப் இல்லாமலேயே பதில் தர முடியும். நான்காவதாக ஒரு காரணமும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை: உங்களுடைய இப்போதைய சம்பளத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு ஆஃபரைச் சுருக்குவது. அதற்கு மட்டும்தான் அந்தக் காகிதம் கட்டாயம் தேவைப்படுகிறது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு வருடத்துக்கு மொத்தம் 10 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 8 லட்சம் மாதாமாதம் வரும் சம்பளம், 1.5 லட்சம் வருடத்துக்கு ஒருமுறை வரும் போனஸ், மீதி 50 ஆயிரம் ஓய்வுக்கால சேமிப்புக்கு நிறுவனம் தன் பங்காகக் கட்டுவது. இவருடைய பே ஸ்லிப்பில் மாத மொத்தமாகத் தெரிவது சுமார் 66,667. வரியும் இவருடைய சேமிப்புப் பங்கும் போகக் கையில் வருவது 58,000 என்று இருக்கட்டும். போனஸ் வந்த மாதம் அந்த மூன்று மாதத்தில் இல்லை, நிறுவனம் கட்டும் பங்கு பல நிறுவனங்களின் பே ஸ்லிப்பில் தனியாகக் காட்டப்படுவதே இல்லை. இப்போது அவசரத்தில் இருக்கும் ஒரு ரெக்ரூட்டர் கடைசி வரியில் இருக்கும் 58,000 என்ற எண்ணை எடுத்து 12 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 7 லட்சம் வருகிறது. அதன் மேல் 30 சதவீதம் ஏற்றிக் கொடுத்தாலும் 9.1 லட்சம்தான். அதாவது இப்போது வாங்குவதைவிடக் குறைவு, அதையும் "30 சதவீத உயர்வு" என்று சொல்லித் தருவார்கள். சரி, அவர் கவனமான ஆள், 10 லட்சம் என்றே சரியாகக் கணக்கிட்டார் என்று வைத்துக்கொண்டாலும் 30 சதவீதம் ஏற்றினால் 13 லட்சம். அந்த வேலைக்கு நிறுவனம் ஒதுக்கியது 14 முதல் 18 லட்சமாக இருந்தால், இவர் பட்ஜெட்டின் அடித்தட்டுக்கும் கீழே போய் உட்காருகிறார், அங்கே 14 இருந்தது என்பதே இவருக்குத் தெரியாது.

பே ஸ்லிப்பில் வெறும் சம்பளம் மட்டும் இல்லை என்பதையும் யோசியுங்கள். ஊழியர் எண், வங்கிக் கணக்கு எண், வரி எண், சேமிப்புக் கணக்கு எண், எத்தனை நாள் சம்பளமில்லா விடுப்பு, நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என எல்லாம் இருக்கும். வங்கியில் கடன் கேட்டுப் போனால் வருமானத்துக்குச் சான்றாகக் கேட்பது இதைத்தான். இன்றைக்குத்தான் முதன்முதலில் போனில் பேசிய ஒருவருடைய மெயில் பெட்டியில், பிறகு அவருடைய ஏஜென்சியின் பகிர்வுக் கோப்புறையில், அங்கிருந்து வேறு இரண்டு மூன்று நிறுவனங்களுக்கும் போக இது ஏற்ற காகிதம் இல்லை. ரெக்ரூட்டர் என்ற பெயரில் ஆவணங்களை மட்டும் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் நிறுவனத்தின் பெயரையே சொல்லாமல் முதலில் பே ஸ்லிப் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இனி என்ன எழுதுவது என்று பார்ப்போம். போனில் கேட்டால் "மெயிலில் விவரம் அனுப்புகிறேன்" என்று சொல்லி அன்றைக்கே அனுப்புங்கள். தாமதம்தான் ஒத்துழைக்காதவர் என்ற பெயரை வாங்கித் தரும், மறுப்பு அந்த அளவுக்கு இல்லை. மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். இந்த வேலையில் எனக்கு நல்ல ஆர்வம் இருக்கிறது. நிலையான சம்பளமும் போனஸும் சேர்த்து வருடத்துக்கு 15 முதல் 17 லட்சம் எதிர்பார்க்கிறேன். என் நோட்டீஸ் காலம் 60 நாள். இந்த வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் மாலை 4 மணிக்கு மேல் இன்டர்வியூவுக்கு வர முடியும். பே ஸ்லிப் உட்பட சரிபார்ப்புக்கு வேண்டிய எல்லா ஆவணங்களையும், எழுத்தில் ஆஃபர் வந்ததும் நிறுவனத்தின் ஹெச்.ஆரிடம் நேரடியாகக் கொடுக்கிறேன். ஆஃபர் அந்தச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். இந்த வேலைக்கான பட்ஜெட் என் எதிர்பார்ப்போடு பொருந்துகிறதா என்று சொல்ல முடியுமா? பொருந்தவில்லை என்றால் இருவருக்கும் நேரம் மிச்சம்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. எதிர்பார்ப்பை எண்ணாகச் சொன்னது பட்ஜெட் கேள்விக்குப் பதில். நோட்டீஸ் காலமும் இன்டர்வியூ நேரமும் நீங்கள் விளையாட வரவில்லை என்பதற்குச் சான்று. "சரிபார்ப்புக்கு உட்பட்டது என்றாலும் சம்மதம்" என்ற வரிதான் இதில் மிக முக்கியமானது என்பேன், ஏனென்றால் பொய் சொல்பவர் அதை எழுத மாட்டார். நீங்கள் சொன்னது தவறாக இருந்தால் ஆஃபரைத் திரும்பப் பெறலாம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், அதற்கு மேல் அவருக்கு இப்போது என்ன உத்தரவாதம் வேண்டும்? கடைசியில் பட்ஜெட்டைக் கேட்டதால் பந்து அவர் பக்கம் போகிறது. எதிர்பார்ப்பை மட்டும் தெளிவில்லாமல் விடாதீர்கள். பே ஸ்லிப்பும் தராமல், "நிறுவன விதிப்படி" என்று எதிர்பார்ப்பையும் சொல்லாமல் இருந்தால் அவரிடம் எதுவுமே இல்லை, அப்போது அவர் உங்களை விட்டுவிடுவது நியாயம்தான்.

இந்த மெயிலுக்குப் பிறகு பாதிப் பேர் சரி என்று மேலே போய்விடுவார்கள். மீதிப் பேர் இன்னொரு தடவை தள்ளிப் பார்ப்பார்கள். "க்ளையன்ட் கேட்கிறார், எங்கள் கையில் இல்லை" என்றால், "புரிகிறது. என் எதிர்பார்ப்பையும், ஆவணங்களை ஆஃபர் சமயத்தில் தருவதாக நான் சொன்னதையும் க்ளையன்ட்டின் ஹெச்.ஆருக்கு அப்படியே அனுப்பிப் பாருங்கள், அவர்களுக்குக் கேள்வி இருந்தால் நானே பேசுகிறேன்" என்று சொல்லலாம். பல சமயம் க்ளையன்ட் கேட்டதே இல்லை, ஏஜென்சியின் சொந்தப் பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். "ஃபார்மில் கட்டாயம் நிரப்ப வேண்டிய இடம்" என்றால், கருத்து எழுத இடம் இருந்தால் "ஆஃபர் நிலையில் தரப்படும்" என்று எழுதிவிடலாம், கோப்பு ஏற்றும் இடம் என்றால் அதையே ஒரு வரிக் கோப்பாக ஏற்றிவிடலாம். எண் மட்டுமே ஏற்கும் கட்டம் என்றால் அங்கே பொய் எண்ணைப் போடாதீர்கள், அவரையே கேளுங்கள்.

"சரி, பே ஸ்லிப் வேண்டாம், இப்போதைய சம்பளத்தை வாயால் சொல்லுங்கள்" என்றால்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சொல்லாமலும் இருக்கலாம், "இந்த வேலையின் பொறுப்பை வைத்துத்தான் என் எதிர்பார்ப்பைச் சொல்லியிருக்கிறேன், இப்போதைய வேலை வேறு மாதிரி, அதோடு ஒப்பிடுவது சரியாக வராது" என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம். சொல்வது என்று முடிவு செய்தால் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள், மொத்தமாகச் சொல்லுங்கள், பிரித்தும் சொல்லுங்கள்: நிலையான சம்பளம் இவ்வளவு, போனஸ் இவ்வளவு, நிறுவனத்தின் பங்கு இவ்வளவு. ஏற்றிச் சொல்லக் கூடாது. நீங்கள் இன்றைக்குச் சொல்லும் எண் அவருடைய குறிப்பில் ஏறிவிடும், பின்னால் ஆஃபரோடு வரும் சரிபார்ப்பில் பே ஸ்லிப்போடு அதை ஒப்பிடுவார்கள். ஒரு லட்சம் ஏற்றிச் சொன்னதற்காக, நோட்டீஸ் கொடுத்துவிட்ட பிறகு ஆஃபர் போனால் அதைவிட மோசமான நிலை வேறில்லை. தள்ளி வைப்பது உங்கள் உரிமை, பொய் சொல்வது அப்படி இல்லை. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் முதல் மெயிலுக்கும் மதிப்பு போய்விடும்.

சட்டம் இடத்துக்கு இடம் வேறு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல், விண்ணப்பிப்பவரின் பழைய சம்பளத்தை நிறுவனம் நேரடியாகவோ ஏஜென்ட் மூலமாகவோ கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதியும் அதையே சொல்கிறது, கூடவே ஆரம்பச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ விண்ணப்பிப்பவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் சேர்க்க வைத்த கெடு 2026 ஜூன் 7. இப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் அவர் கேட்பது குற்றமில்லை, அதற்காக நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் முதல் மெயிலிலேயே அதை எடுத்துக் காட்ட வேண்டாம், ஒத்துழைக்கும் தொனி அங்கேயே உடைந்துவிடும். அப்புறம், "என் நிறுவன ஒப்பந்தப்படி சம்பளம் ரகசியம்" என்ற காரணத்தைச் சொல்வதாக இருந்தால் ஒப்பந்தத்தை ஒரு தடவை திறந்து அப்படி ஒரு வரி நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

உண்மையில் சிக்கலான கட்டம் இது எதுவும் இல்லை, இன்டர்வியூ எல்லாம் முடிந்த பிறகு வருவதுதான். "நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள், பே ஸ்லிப் அனுப்பினால் ஆஃபர் தயார் செய்வோம்" என்பார்கள். கேட்க ஆஃபர் போலவே இருக்கும், ஆனால் எண் எதுவும் இன்னும் இல்லை, அந்த எண்ணைத் தீர்மானிக்கத்தான் பே ஸ்லிப் போகப்போகிறது. இந்த இடத்தில் பழையபடி "ஆஃபர் லெட்டர் வரட்டும்" என்று உறுதியாக நிற்பதும் சரியாக வராது, ஏனென்றால் பல நிறுவனங்களில் ஆவணங்கள் ஏறாமல் லெட்டர் அச்சாகவே ஆகாது, ஹெச்.ஆர். நினைத்தாலும் முடியாது. அதனால் லெட்டருக்காகக் காத்திருக்காமல் எண்ணுக்காகக் காத்திருங்கள். இப்படி எழுதலாம்: "மிக்க மகிழ்ச்சி. நீங்கள் தர நினைக்கும் வருடச் சம்பளத்தையும் அதன் பிரிவையும் ஒரு மெயிலில் உறுதி செய்தால், அன்றைக்கே எல்லா ஆவணங்களையும் ஏற்றிவிடுகிறேன்." எண் எழுத்தில் வந்து, அது உங்களுக்குச் சம்மதம் என்றால், உடனே கொடுத்துவிடுங்கள். அப்போது பே ஸ்லிப் செய்வது நீங்கள் சொன்னது உண்மை என்று காட்டும் வேலையை மட்டும்தான், விலை பேசும் வேலை முடிந்துவிட்டது. அந்த நேரத்திலும் இழுத்தடித்தால் நியாயமான ஹெச்.ஆருக்கும் சந்தேகம் வரும். எண் வந்த பிறகு பே ஸ்லிப்பைப் பார்த்துவிட்டு "உங்கள் பழைய சம்பளம் குறைவாக இருக்கிறது, அதனால் குறைக்கிறோம்" என்று பின்வாங்கினால், மெயிலில் எழுதியதைக் காட்டிப் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது. அந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்பதும், இப்போதைய வேலையை விடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கொடுக்கும்போது யாரிடம், எப்படி என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஏஜென்சிக்கு இல்லை, நிறுவனத்தின் ஹெச்.ஆருக்கு, முடிந்தால் அவர்கள் ஆவணம் ஏற்றுவதற்கென்றே வைத்திருக்கும் தளத்தில். வங்கிக் கணக்கு எண், வரி எண் போன்றவற்றை மறைப்பதாக இருந்தால் மறைத்ததை மெயிலில் சொல்லிவிடுங்கள், சம்பள எண்களையும் பெயரையும் மாதத்தையும் தொடாதீர்கள். பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் மட்டும் போதாது, பல மென்பொருள்களில் அடியில் இருக்கும் எழுத்து அப்படியே இருக்கும், யாராவது தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். கட்டம் வரைந்த பிறகு அதைப் படமாக மாற்றியோ, அச்சடித்து ஸ்கேன் செய்தோ அனுப்புங்கள். சில நிறுவனங்களின் பே ஸ்லிப்புக்குப் பிறந்த தேதியோ வரி எண்ணோதான் பாஸ்வேர்டு. அப்படிப்பட்ட கோப்பைப் பாஸ்வேர்டோடு அனுப்பினால் நீங்கள் மறைத்ததை நீங்களே மெயிலில் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் "பே ஸ்லிப் இல்லாமல் ஒரு அடி நகராது" என்று சொல்பவர்கள் இருப்பார்கள், சிலர் சொன்னபடியே உங்களை விட்டுவிடுவார்கள். அந்த இழப்பு நிஜம், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கையில் வேறு வாய்ப்பே இல்லை, வேலை அவசரம் என்றால் விட்டுக்கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை, ஆனால் அப்போதும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பட்ஜெட் வரம்பைக் கேட்டு வாங்குங்கள், மூன்று மாதத்துக்குப் பதில் ஒரு மாதம் போதுமா என்று கேளுங்கள், அடையாள எண்களை மறைத்து அனுப்புங்கள், போனஸும் மற்றதும் இதில் தெரியாது, மொத்தம் இவ்வளவு என்று அதே மெயிலில் எழுதுங்கள். மேலே சொன்ன 58,000 கணக்கு நடக்காமல் தடுப்பது அந்தக் கடைசி வரிதான். இப்போதைய சம்பளம் ஏற்கெனவே அந்த வேலையின் பட்ஜெட் வரம்பின் மேல்பாதியில் இருந்தால் எண்ணை வெளியே சொல்வது உங்களுக்குச் சாதகமாகவே அமையும், அப்போதும் எண்ணைச் சொன்னால் போதும், காகிதம் வேண்டாம்.

ரெக்ரூட்டர் பதிலே போடாமல் போனால், உடனே அந்த நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக விண்ணப்பித்துவிடாதீர்கள். அவர் உங்கள் புரொஃபைலை ஏற்கெனவே ஏற்றியிருந்தால் ஒரே ஆள் இரண்டு வழியில் வந்ததாகப் பதிவாகும், கமிஷன் யாருக்கு என்ற தகராறு வரும், அந்தத் தலைவலிக்குப் பயந்து நிறுவனம் இரண்டையும் ஒதுக்கிவிடுவதும் நடக்கும். "என் புரொஃபைலைச் சமர்ப்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் நான் நேரடியாக விண்ணப்பிக்க நினைக்கிறேன், வெள்ளிக்கிழமை வரை உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்" என்று ஒரு மெயில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். சமர்ப்பிக்கவில்லை என்று பதில் வந்தாலும், சொன்ன நாள் வரை பதிலே வராவிட்டாலும் நேரடியாகப் போகலாம். பின்னால் யாராவது கேட்டால் காட்ட அந்த மெயிலை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.